மூன்று சுழி, பத்து மைக்ரோ விநாடி

சின்ன சர்வோ மோட்டாருக்கு மூன்று கம்பிகள். பழுப்பு தரைக்கு, சிவப்பு ஐந்து வோல்ட்டுக்கு, ஆரஞ்சு கட்டளைக்கு. மோட்டார் எந்தக் கோணத்தில் போய் நிற்க வேண்டும் என்ற செய்தி அந்த ஆரஞ்சுக் கம்பி வழியாகத்தான் போகிறது. ஆனால் எண்ணாகப் போவதில்லை, எழுத்தாகவும் போவதில்லை. கம்பியில் மின்னழுத்தம் ஒரு கணம் உயர்கிறது, பிறகு இறங்குகிறது. எவ்வளவு நேரம் உயர்ந்திருந்தது என்பதே செய்தி. 1.5 மில்லி விநாடி உயர்ந்திருந்தால் நடுவில் நில் என்று பொருள். 1 மில்லி விநாடி என்றால் ஒரு பக்கம், 2 மில்லி விநாடி என்றால் மறுபக்கம். இருபது மில்லி விநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு ஐம்பது தடவை, இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

கேட்க எளிமையாக இருக்கிறது. துடிப்பின் நீளத்தை இன்னும் நுணுக்கமாகக் கொடுத்தால் கோணமும் நுணுக்கமாக வரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி வராது. ஏன் வராது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு தமிழ் எழுத்து தேவைப்பட்டது. மூன்று சுழி ண.

கிள்ளானில் இருக்கும் என் பெரியப்பா பெயர்ப்பலகை எழுதுபவர். மளிகைக்கடை, முடிதிருத்தும் கடை, கோயில் அன்னதானப் பலகை என்று நாற்பது வருடம் எழுதியவர். மூன்று வருடமாகக் கை நடுங்குகிறது, தூரிகையைத் தொடுவதில்லை. ஆனால் அவருடைய எழுத்துகள் பழுப்புத் தாளில் முழு அளவில் வரைந்தபடி பத்திரமாக இருக்கின்றன. கணினியில் இருக்கும் எந்த எழுத்துருவும் அப்படி இல்லை. அவருடைய ‘ழ’வின் வால் கீழே இறங்கி ஒரு தடவை யோசித்துவிட்டுத் திரும்பும். அந்தத் தாள்களைப் படமெடுத்து, வளைவுகளைப் புள்ளிகளாக மாற்றி, ஒரு சின்ன இயந்திரக் கையை வைத்து எழுத வைக்கலாம் என்று தொடங்கினேன்.

இயந்திரம் என்பது பெரிய வார்த்தை. அடியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு எஸ்ஜி90 மோட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கை, அந்த இரண்டு கைகளும் இன்னும் இரண்டு கைகளோடு சேர்ந்து நுனியில் ஒரு பேனாவைப் பிடித்திருக்கும். மூன்றாவது மோட்டார் பேனாவைத் தூக்க, இறக்க. வெள்ளைப் பலகையில் மணி எழுதும் பொழுதுபோக்குக் கடிகாரங்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள், அதே அமைப்புதான். ஒன்பது கிராம் எடையுள்ள எஸ்ஜி90 ஒன்று பத்து ரிங்கிட்டுக்குள் கிடைத்துவிடும். கட்டளை கொடுப்பது அர்டுயினோ பலகை.

எந்தச் சொல்லை எழுதிப் பார்ப்பது என்பதை பெரியப்பாதான் சொன்னார்.

“கண்ணன்னு எழுதச் சொல்லு. மூணு சுழி, ரெண்டு சுழி, புள்ளி எல்லாம் அதுல வந்துரும். அது சரியா வந்தா மத்ததெல்லாம் வரும்.”

எழுத்தின் உயரம் 25 மில்லிமீட்டர். இயந்திரம் எழுதியது. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இது ணவா, னவா?”

கேள்வி நியாயமானது. ‘ண’வின் முதல் சுழி மூடவே இல்லை. நடுச் சுழியும் அதன் பக்கத்துக் கோடும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. தள்ளி நின்று பார்த்தால் ‘கன்னன்’. ஆங்கில எழுத்தில் ஒரு கோடு கோணலாகப் போனால் அது கோணலான எழுத்து, அவ்வளவுதான். தமிழில் ஒரு சுழி போனால் வேறு எழுத்து. கோணப் பிழை இங்கே எழுத்துப் பிழையாகிவிடுகிறது.

பிழை எவ்வளவு என்று முதலில் கணக்குப் பார்க்கலாம். மோட்டாரின் அச்சிலிருந்து பேனா முனை ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நான்கு கைகள் இருப்பதால் உண்மையான கணக்கு இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் ஒரே நீளமான கை என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். 100 மில்லிமீட்டர் கை ஒரு டிகிரி திரும்பினால் நுனி 1.75 மில்லிமீட்டர் நகரும். என் எழுத்தில் ஒரு சுழியின் அகலமே 7 மில்லிமீட்டர். ஆக ஒரு டிகிரி பிழை என்பது சுழியில் கால் பங்கு.

அடுத்த கேள்வி, அந்த ஒரு டிகிரி எங்கே தொலைகிறது? முதலில் சந்தேகப்பட வேண்டியது அனுப்புகிற துடிப்பை. அர்டுயினோவின் சர்வோ நிரலகத்தில் `write(90)` என்று டிகிரியில் சொல்லலாம். அது 0 முதல் 180 வரையுள்ள முழு எண்ணை 544 முதல் 2,400 மைக்ரோ விநாடி வரையுள்ள துடிப்பாக மாற்றிக்கொள்ளும். 1,856 மைக்ரோ விநாடியை 180ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 10.3 மைக்ரோ விநாடி. முழு எண் மட்டும்தான் என்பதால் `write()` வைத்து அரை டிகிரி கேட்கவே முடியாது. அதனால் சுழி எழுதும் வேலைக்கு `writeMicroseconds()` வேண்டும். அதில் 1,500, 1,501 என்று ஒவ்வொரு மைக்ரோ விநாடியாகக் கேட்கலாம். ஒரு மைக்ரோ விநாடி என்பது டிகிரியில் பத்தில் ஒரு பங்கு. பேனா முனையில் 0.17 மில்லிமீட்டர். இது பேனாக் கோட்டின் தடிப்பைவிடக் குறைவு. நான் ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் பயன்படுத்தினேன். ஆக, கேட்பதில் குறையில்லை. கேட்கப்படுவது காதில் விழவில்லை.

காது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க மோட்டாரைத் திறக்க வேண்டும். அடியில் நான்கு சின்னத் திருகுகள். உள்ளே ஒரு சாதாரண மோட்டார், அதன் வேகத்தைக் குறைக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள், கடைசிச் சக்கரத்தின் அச்சோடு சேர்ந்து திரும்பும் ஒரு மாறுமின்தடை, ஒரு சின்னச் சுற்றுப்பலகை. மாறுமின்தடை என்றால் பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குப் பின்னால் இருக்குமே, அதே சாமான். அச்சு இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை அதுதான் சொல்கிறது.

அனலாக் வகை சர்வோவில் சுற்றுப்பலகை செய்வது ஓர் ஓட்டப்பந்தயம். வெளியிலிருந்து துடிப்பு தொடங்கிய அதே நொடியில் உள்ளேயும் ஒரு துடிப்பு தொடங்கும். உள்துடிப்பின் நீளத்தை மாறுமின்தடை தீர்மானிக்கிறது. இரண்டில் எது பிந்தி முடிகிறது? வெளித்துடிப்பு நீளமாக இருந்தால் மோட்டார் ஒரு பக்கம் சுழலும்; உள்துடிப்பு நீளமாக இருந்தால் மறுபக்கம். அச்சு திரும்பத் திரும்ப உள்துடிப்பின் நீளம் மாறி வெளித்துடிப்பை நெருங்கும். இரண்டும் சேர்ந்து முடிந்தால் மோட்டார் நிற்கும்.

‘சேர்ந்து’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டும் அப்பட்டமாக ஒன்றாக இருக்க வேண்டும் என்று சுற்றுப்பலகை பிடிவாதம் பிடித்தால் மோட்டார் ஒருபோதும் நிற்காது. கொஞ்சம் தாண்டிப் போகும், திரும்பி வரும், மறுபடி தாண்டும். கைவிடப்பட்ட கொசு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டே சூடாகும். பல்சக்கரங்களுக்கு நடுவில் எப்போதும் கொஞ்சம் இடைவெளி இருப்பதால் இது இன்னும் மோசமாகும். மோட்டார் திசை மாற்றும்போது அந்த இடைவெளியைக் கடக்கிற வரை வெளி அச்சு அசையாது. கடந்ததும் ஒரு தட்டுத் தட்டும். அதனால் வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே ஒரு மன்னிப்பு எல்லையை வைத்தார்கள். வித்தியாசம் இவ்வளவுக்குள் இருந்தால் சரி என்று எடுத்துக்கொள், மோட்டாருக்கு மின்சாரம் விடாதே. இதற்குப் பெயர் டெட் பேண்ட். எஸ்ஜி90இன் விவரத்தாளில் இது 10 மைக்ரோ விநாடி என்று போட்டிருக்கும். ஒரு டிகிரிக்கு 10.3 மைக்ரோ விநாடி என்று மேலே பார்த்தோம். ஆக, தொலைந்த ஒரு டிகிரி அங்கேதான் இருக்கிறது, விவரத்தாளிலேயே, ஒளிக்கப்படாமல்.

இதைக் குறை என்று சொல்ல முடியாது. சர்வோ பிறந்தது வானொலிக் கட்டுப்பாட்டு விமானத்துக்கும் படகுக்கும். தரையில் நிற்பவர் குச்சியைத் தள்ளுகிறார், விமானம் கொஞ்சம் அதிகமாகத் திரும்புகிறது, அவர் கண்ணால் பார்த்துக் குச்சியைக் கொஞ்சம் பின்னால் இழுக்கிறார். ஒரு டிகிரிப் பிழையைத் திருத்துவது மனிதக் கண். அங்கே மோட்டாருக்குத் துல்லியம் தேவைப்படவில்லை, சொன்ன பேச்சுக்கு உடனே அசைந்தால் போதும். என் இயந்திரத்தில் கண் இல்லை. பேனா எங்கே இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கேட்டதைச் செய்திருக்கும் என்று நம்பி அடுத்த புள்ளிக்குப் போகிறது.

விவரத்தாளில் இருப்பது சராசரி வாக்குறுதி. என் கையில் இருக்கும் மோட்டார் என்ன செய்கிறது என்று தெரிய அதை அளக்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி வேண்டாம். மோட்டாரை மேசையோடு இறுக்கினேன். அச்சில் மாட்டும் வெள்ளைக் கொம்பின் மேல், பூனையோடு விளையாடும் சின்ன லேசரை ஒட்டினேன். இரண்டு மீட்டர் தள்ளிச் சுவர், சுவரில் ஒரு தையற்காரர் நாடா. இரண்டு மீட்டரில் ஒரு டிகிரி என்பது 35 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் சுவரில் தெரிய ஆரம்பித்துவிடும். இயந்திரக் கைகளைக் கழற்றிவிட்டதால், கைகளின் மூட்டுத் தளர்ச்சி இதில் சேராது. மோட்டாரின் குணம் மட்டும் தெரியும்.

முதல் சோதனை: 1,500இல் நிறுத்திவிட்டு ஒவ்வொரு மைக்ரோ விநாடியாகக் கூட்டுவது. 1,501. சிவப்புப் புள்ளி அசையவில்லை. 1,502, 1,503. அசையவில்லை. 1,507 வரை சுவரில் ஒன்றும் நடக்கவில்லை. 1,508இல் புள்ளி சட்டென்று இரண்டரை சென்டிமீட்டர் தாவியது. மறுபடி மௌனம். மறுபடி ஒரு தாவல். நான் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறச் சொல்கிறேன். அது ஏழெட்டுப் படிகளைச் சேர்த்துவைத்து ஒரே தாவாகத் தாவுகிறது.

இரண்டாவது சோதனைதான் முக்கியம். 1,400இலிருந்து 1,500க்கு வரச் சொன்னேன். புள்ளி நின்ற இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு. பிறகு 1,600க்குப் போய் அங்கிருந்து அதே 1,500க்கு வரச் சொன்னேன். இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் இடையில் 40 மில்லிமீட்டர். அதாவது 1.1 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். கட்டளை ஒன்றே, போய் நின்ற இடம் இரண்டு. காரணம் இப்போது புரியும். கீழிருந்து வரும் மோட்டார் மன்னிப்பு எல்லையின் கீழ் ஓரத்தைத் தொட்டதும் ‘போதும்’ என்று நின்றுவிடுகிறது. மேலிருந்து வருவது மேல் ஓரத்தில் நிற்கிறது. பல்சக்கர இடைவெளியும் திசைக்கேற்ப ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்கிறது. பேனா முனையில் இது 2 மில்லிமீட்டர். சுழி என்றால் என்ன? ஒரு திசையில் கிளம்பி, எதிர்த்திசையில் திரும்பிவந்து, கிளம்பிய புள்ளியைத் தொடுவது. கிளம்பியது ஒரு பக்கமிருந்து, திரும்பியது மறுபக்கமிருந்து. ஆகவே சுழி மூடாது. 2 மில்லிமீட்டர் திறந்தே கிடக்கும். ‘கன்னன்’ வந்தது இதனால்தான்.

மூன்றாவது சோதனை நல்ல செய்தி. 1,400க்குப் போய் 1,500க்கு வருவதை மட்டும் பத்துத் தடவை செய்தேன். எப்போதும் ஒரே பக்கமிருந்து. பத்துப் புள்ளிகளும் 7 மில்லிமீட்டருக்குள் விழுந்தன. 0.2 டிகிரி. பேனா முனையில் 0.35 மில்லிமீட்டர். இந்த மோட்டார் பொய் சொல்கிறதுதான், ஆனால் ஒரே மாதிரிப் பொய் சொல்கிறது. ஒரே மாதிரிப் பொய்யைக் கழித்துவிடலாம்.

கழிப்பது இப்படி. கோணம் ஏறும்போது கட்டளையை அப்படியே கொடு. இறங்கும்போது மோட்டார் 1.1 டிகிரிக்குக் கொஞ்சம் மேலாக முன்னாலேயே நின்றுவிடுகிறது. எனவே அந்த அளவு, அதாவது 12 மைக்ரோ விநாடி, கூடுதலாக இறங்கச் சொல். ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனியாக இப்படி ஒரு சிறு நிரல்:

```cpp
int last = 1500, shift = 0;

void moveTo(int us) {
  if (us < last) shift = -12;
  if (us > last) shift = 0;
  last = us;
  m.writeMicroseconds(us + shift);
}
```

திசை மாறிய கணத்தில் கட்டளை ஒரே அடியாக 12 மைக்ரோ விநாடி தாவுகிறது. அந்தத் தாவல் மன்னிப்பு எல்லையைக் கடப்பதிலேயே செலவாகிவிடுவதால் பேனா தாவுவதில்லை. மோட்டார் திரும்பி மறு ஓரத்துக்கு வந்து நிற்கிறது, அவ்வளவுதான். சுழியின் உச்சியில் முன்பு ஒரு தட்டையான மொட்டை விழும். மோட்டார் திசை மாறாமல் தூங்கிக்கொண்டிருந்த இடம் அது. 12ஐச் சேர்த்ததும் அந்த மொட்டை மறைந்தது. எண் சரியா என்று அறிவதற்கும் இதே இடம்தான் அடையாளம். எண் குறைவாக இருந்தால் உச்சி மொட்டையாகும். அதிகமாக இருந்தால் உச்சியில் ஒரு சின்னக் கொம்பு முளைக்கும்.

சுழிகள் மூடின. ஆனால் கோடு இன்னும் படிப்படியாக இருந்தது. முதல் சோதனையில் பார்த்த தாவல்கள் அவை: ஒவ்வொன்றும் ஏறக்குறைய முக்கால் டிகிரி, தாளில் ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர். அப்போது பேனாவை மிக மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தேன், இருபது மில்லி விநாடிக்கு ஒரு மைக்ரோ விநாடி வீதம். மெதுவாகப் போனால் ஒழுங்காக எழுதும் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் சொல்லித் தந்த பாடம். பெரியப்பா பக்கத்தில் நின்று பார்த்தவர், பொறுமை போய்விட்டது போலிருக்கிறது.

“என்னடா இது, ஊருது? மெதுவா இழுத்தா கோடு நடுங்கத்தான் செய்யும். தூரிகையை வெச்சா இழுத்துரணும். நின்னு யோசிச்சா அந்த இடத்துல தெரிஞ்சுபோகும்.”

மோட்டாருக்கும் அதுவே பொருந்துகிறது. மெதுவாகக் கேட்டால் அது ஒவ்வொரு தடவையும் நிற்கிறது. நின்றதை மறுபடி கிளப்ப வித்தியாசம் மன்னிப்பு எல்லையைத் தாண்டும் வரை சேர வேண்டும், உராய்வையும் வெல்ல வேண்டும். கிளம்பினால் தாவும். ஆனால் ஒவ்வொரு இருபது மில்லி விநாடிக்கும் நான்கு மைக்ரோ விநாடி வீதம் கேட்டால், முந்தின வேலை முடிந்து நிற்பதற்குள் அடுத்த பாக்கி வந்துவிடுகிறது. மோட்டார் கட்டளைக்குப் பின்னால் ஒரே இடைவெளியில், நிற்காமல், இழுபட்டுக்கொண்டே வருகிறது. விநாடிக்கு ஏறக்குறைய 19 டிகிரி. பேனா விநாடிக்கு 34 மில்லிமீட்டர் ஓடுகிறது. படிகள் மறைந்து கோடு ஓடத் தொடங்கியது. இதையே எட்டாக உயர்த்தினால் வேறொரு நோய்: மோட்டார் மிகவும் பின்தங்கிப்போய், சுழியின் மூலைகளைக் குறுக்குவழியில் கடக்கிறது. சுழி சிறுத்துப்போகும். நான்கிலிருந்து ஐந்து வரைதான் என் மோட்டாருக்கு ஒத்துக்கொள்கிறது.

அடுத்து வருவது கோடு நடுவில் திடீரென்று ஒரு துள்ளல். இதன் காரணம் கோணமே இல்லை. துள்ளல் எப்போது வருகிறது என்று கவனித்தால் தெரியும்: மூன்றாவது மோட்டார் பேனாவை இறக்கும் அதே கணத்தில் மற்ற இரண்டும் துள்ளினால், அது மின்சாரப் பஞ்சம். மோட்டார் கிளம்பும்போது ஒரு மூச்சு மின்னோட்டத்தை இழுக்கும். யூஎஸ்பி கம்பி வழியாக வரும் ஐந்து வோல்ட் அந்த நேரத்தில் சரியும். மற்ற மோட்டார்கள் தடுமாறும். மோட்டார்களுக்குத் தனி மின்வழங்கி, அதன் பக்கத்தில் 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, அர்டுயினோவின் தரைக்கம்பியையும் மின்வழங்கியின் தரைக்கம்பியையும் சேர்த்துக் கட்டுவது. தரைகள் சேரவில்லை என்றால் துடிப்பை எதிலிருந்து அளப்பது என்றே மோட்டாருக்குத் தெரியாது, கண்டபடி ஆடும்.

இன்னொரு பிழை எழுத்தைக் கெடுக்காமல் எழுத்தின் வடிவத்தை மட்டும் இழுக்கிறது. 544 முதல் 2,400 வரை 180 டிகிரி என்பது நிரலகத்தின் அனுமானம், மோட்டார் அதை ஒப்புக்கொண்டதில்லை. கோணமானியை அச்சிட்டு அச்சுக்கு அடியில் ஒட்டி, 600இலிருந்து 2,300 வரை நூறு நூறாக நகர்த்திக் குறித்தேன். ஒவ்வொரு நூறுக்கும் 9.7 டிகிரி வர வேண்டும். வந்தது 9.2 முதல் 10.1 வரை. உள்ளே இருக்கும் மாறுமின்தடையின் பட்டை எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை. இதனால் எழுத்து லேசாக ஒரு பக்கம் இழுத்த மாதிரி இருக்கும், ஆனால் ‘ண’ ‘ண’வாகவே இருக்கும். அளந்த எண்களை ஒரு பட்டியலாக நிரலில் வைத்து, இடையில் உள்ளதை விகிதப்படி கணக்கிட்டுக்கொண்டால் இதுவும் பெரும்பாலும் சரியாகும். அளக்கும்போது எப்போதும் ஒரே பக்கமிருந்து வர வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் அளவுகோலிலேயே அந்த ஒரு டிகிரி புகுந்துகொள்ளும்.

இவ்வளவும் செய்த பிறகு எழுதியதைப் பெரியப்பாவிடம் காட்டினேன். தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். முதல் ‘ண்’ணின் மேல் இருந்த புள்ளியை விரலால் தொட்டார்.

“ண வந்துருச்சு. புள்ளி கொஞ்சம் இடது பக்கம் போயிருக்கு. நான் நடுவுல வெக்கமாட்டேன், ஆனா இவ்வளவு தள்ளியும் வெக்கமாட்டேன்.”

புள்ளிக்குக் காரணம் உண்டு. புள்ளி வைக்கப் பேனா காற்றில் தாவிப் போகிறது, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது முந்தின எழுத்து எங்கே முடிந்தது என்பதைப் பொறுத்தது. 12 மைக்ரோ விநாடித் திருத்தம் நகர்ந்துகொண்டிருக்கும் மோட்டாருக்குச் சரி. வேகமாக வந்து ஒரே இடத்தில் நிற்கும் மோட்டாருக்கு அந்த எண் கொஞ்சம் மாறுகிறது. அதனால் புள்ளிக்கு மட்டும் வேறு வழி. பேனா காற்றில் இருக்கும்போதே இரண்டு மோட்டார்களையும் இலக்கைவிட 60 மைக்ரோ விநாடி கீழே கொண்டுபோய் நிறுத்தி, 150 மில்லி விநாடி காத்திருந்து, அங்கிருந்து மேல் நோக்கி இலக்குக்கு வரச் சொல்வது. பேனாவைத் தூக்கியிருப்பதால் சுற்றிவருவதை யாரும் பார்க்கப்போவதில்லை. இப்படி வைத்த புள்ளிகள் 0.35 மில்லிமீட்டருக்குள் விழுகின்றன, சுவரில் அளந்த அதே 0.2 டிகிரி.

அதற்குக் கீழே இந்த மோட்டாரைக் கொண்டுபோக முடியாது. டெட் பேண்ட் ஒன்றிரண்டு மைக்ரோ விநாடி மட்டுமே உள்ள டிஜிட்டல் சர்வோக்கள் இருக்கின்றன, விலை பல மடங்கு. அவற்றிலும் பல்சக்கரத்தின் இடைவெளி போகாது. டெட் பேண்ட் அந்த இடைவெளியைவிடச் சிறிதாகிவிட்டால் நின்ற இடத்தில் நடுங்கும். துடிப்பை எவ்வளவு பொடியாக வெட்டினாலும் பிளாஸ்டிக் பல்லுக்கு அது தெரியப்போவதில்லை. என் இயந்திரம் 15 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கீழே ‘ண’ எழுதினால் சுழிகள் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. பெயர்ப்பலகைக்கு அவ்வளவு சிறிய எழுத்து தேவையில்லை என்பதால் எல்லை அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேசை இழுப்பறையில் இப்போது ஆறு எஸ்ஜி90கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் வெள்ளை டேப் ஒட்டி ஓர் எண் எழுதியிருக்கிறேன். 12, 9, 12, 14, 10, 9. எல்லாம் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியவை. இடது பக்க மோட்டாரில் 12 என்று இருந்ததைப் போன வாரம் அடித்துவிட்டு 13 என்று எழுதினேன். பல் தேய்கிறது.